பட்டம் வாங்கியாச்சு, வேலை வரவில்லை: இடைப்பட்ட மாதங்கள் பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

கடைசி செமஸ்டர் முடிந்து, கேம்பஸில் ஆர்டர் கிடைக்காமலோ, ஆர்டர் கிடைத்தும் சேரும் தேதி வராமலோ வீட்டில் இருக்கும் பிள்ளைகள் கொங்கு வட்டாரத்தில் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அடிக்கடி கேட்கும் சந்தேகங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் மெக்கானிக்கல் படித்தவர்களைச் சுற்றியே வரும். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊரில் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் உதாரணம் அதுதான்.

"பையன் பி.இ. முடிச்சுட்டு வீட்ல இருக்கானுங்க. முதல்ல ஒரு கோர்ஸ் முடிக்கட்டும், அப்புறம் வேலைக்கு எழுதிப் போட்டுக்கலாம்னு சொல்லிட்டு இருக்கேனுங்க. சரிதானுங்களா?" (ஒரு தந்தை, அன்னூர்)

வரிசையை மாற்றிச் சொல்கிறீர்கள். விண்ணப்பம் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, பட்டம் முடித்த ஆண்டு. புதியவர்களை எடுக்கும் நிறுவனங்கள் பலவும் விளம்பரத்திலேயே 'இந்த ஆண்டு முடித்தவர்கள் மட்டும்' என்று போட்டுவிடுகின்றன. ஆறு மாதம் கோர்ஸ், அடுத்த ஆறு மாதம் இன்னொரு கோர்ஸ் என்று போனால், கையில் இரண்டு சான்றிதழ் இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு மாணவர்கள் வெளியே வந்துவிட்டிருப்பார்கள். கணினித் திரையில் ஆண்டை வைத்து வடிகட்டும்போது சான்றிதழை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். எதைக் கற்க வேண்டும் என்பதை விளம்பரங்கள்தான் சொல்லும். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்று ஒரு கோர்ஸில் சேருவதைவிட, பையனை இருபது விளம்பரங்கள் எடுக்கச் சொல்லுங்கள். மாநில அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் (tnprivatejobs.tn.gov.in) கிடைக்கும், கம்பெனிகளின் சொந்தத் தளங்களிலும் கிடைக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, ஓசூர் என்று அவன் உண்மையில் போய்ச் சேரக்கூடிய ஊர்களாக இருக்கட்டும். ஒரு நோட்டில் கம்பெனி பெயர், வேலையின் பெயர், அவர்கள் கேட்கும் மூன்று திறமைகள், விண்ணப்பித்த தேதி என்று வரிசையாக எழுதட்டும். இருபதாவது விளம்பரம் வரும்போது எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். மெக்கானிக்கலில் பெரும்பாலும் 'டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும்', 'அளவுக் கருவிகள் தெரிய வேண்டும்' என்ற இரண்டும் மேலே வந்து நிற்கும். பல லட்சம் செலவழித்துப் படித்த படிப்பில் முதலாம் ஆண்டே சொல்லிக்கொடுத்த விஷயங்கள் இவை. ஆனால் இண்டர்வியூவில் ஆள் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

"கற்றுக்கொண்டேன் என்று எப்படிக் காட்டுவது? எல்லோரிடமும்தான் சான்றிதழ் இருக்கிறது." (மெக்கானிக்கல் பட்டதாரி, சூலூர்)

சரியான கேள்வி. சான்றிதழ் நீங்கள் ஓர் அறையில் இத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்பதைக் காட்டும். எதிரே இருப்பவர் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு வேலையைச் செய்து முடித்திருந்தால் அதற்கு மதிப்பு வேறு. ஒரு வேலையை முழுதாக எடுத்துப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் வீட்டு பம்பில் வேறு எண்கள் வரும்.

வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய 1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோனோபிளாக் பம்ப் ஒன்று இருக்கும். 'முன்ன மாதிரி தண்ணி ஏற மாட்டேங்குது' என்ற புகாரும் கூடவே இருக்கும். உடனே ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள். கழற்றுவதற்கு முன் அது இப்போது எப்படி ஓடுகிறது என்பதை அளக்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு சரிசெய்தாலும் எவ்வளவு முன்னேறியது என்று சொல்ல முடியாமல் போகிறது.

அளக்க வேண்டியவை மூன்று. முதலில் தண்ணீரின் அளவு: 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 125 விநாடி என்றால் விநாடிக்கு 1.6 லிட்டர். அடுத்தது ஹெட்: டெலிவரி பைப்பில் ஒரு பிரஷர் கேஜும், அதைத் தாண்டி ஒரு கேட் வால்வும் பொருத்துங்கள். கேஜ் சதுர சென்டிமீட்டருக்கு 1.4 கிலோ காட்டினால் அது ஏறக்குறைய 14 மீட்டர். கேஜிலிருந்து கீழே, பம்ப் தண்ணீர் எடுக்கும் தொட்டியின் நீர்மட்டம் வரை 2 மீட்டர் என்றால், மொத்தம் 16 மீட்டர். ஃபுட் வால்விலும் சக்‌ஷன் பைப்பிலும் போகும் சிறு இழப்பை விட்டுவிட்டோம் என்று குறிப்பில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, பம்ப் இழுக்கும் மின்சாரம். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஆம்பியரை மட்டும்தான் காட்டும். பவர் ஃபேக்டர் தெரியாமல் அதை வாட்டாக மாற்ற முடியாது. ஆனால் வீட்டு இபி மீட்டரில் மினுக்கும் சிறிய சிவப்பு விளக்கு இருக்கிறது அல்லவா, அதன் பக்கத்தில் 3200 imp/kWh என்பது போல் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கல் என்று அர்த்தம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பம்பை மட்டும் ஓட்டி, ஒரு நிமிடம் எண்ணுங்கள். 56 வந்தால், மணிக்கு 3360. அதை 3200-ஆல் வகுத்தால் 1.05 கிலோவாட். (தோட்டத்து இலவச மின் இணைப்பில் மீட்டரே இல்லாமல் இருக்கலாம், வீட்டு இணைப்பில் ஓடும் பம்பைத் தேர்ந்தெடுங்கள்.)

இப்போது கணக்கு. தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி 1.6 × 9.81 × 16, அதாவது சுமார் 251 வாட். உள்ளே போவது 1050 வாட். மொத்தத் திறன் 24 சதவீதம்.

இனிக் கழற்றலாம். மெயினை அணைத்து, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும். இதைச் செய்துகாட்ட ரீவைண்டிங் கடைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே தேய்மானத்தை முதலில் தேட வேண்டிய இடம், இம்பெல்லரின் கழுத்துக்கும் கேசிங்குக்கும் இடையிலுள்ள சந்து. மணல் கலந்த தண்ணீர் அந்த இடத்தைத் தின்றுவிடும். சந்து பெரிதானால், இம்பெல்லர் தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதி வெளியே போகாமல் சுற்றி மறுபடியும் இம்பெல்லர் வாய்க்கே வந்துவிடும். மோட்டார் அதே மின்சாரத்தை இழுக்கும்; தண்ணீர் குறையும். கழுத்தின் விட்டத்தையும் கேசிங் துளையின் விட்டத்தையும் தனித்தனியே அளந்து கழித்தால் சந்து எவ்வளவு என்று தெரியும்.

சந்து பெரிதாக இருந்தால், லேத்தில் கேசிங்கின் துளையைக் கடைந்து ஒரு புஷ் அடித்து, இம்பெல்லர் கழுத்துக்கேற்ப முடிக்க வேண்டும். இது லேத் பட்டறையில் செய்யும் வேலை. ஆனால் பட்டறைக்காரரிடம் கொடுக்க வேண்டிய டிராயிங் உங்களுடையதாக இருக்கட்டும். பழுதானதை வாயால் விளக்கி வேலை வாங்குவது எல்லோரும் செய்வது. அளவும் டாலரன்ஸும் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, அதன்படி வந்திருக்கிறதா என்று நீங்களே அளந்து வாங்கினால், 'டிராயிங்' என்ற சொல்லை ரெஸ்யூமேயில் எழுதும் உரிமை வந்துவிடும்.

திரும்பப் பூட்டி, கேட் வால்வைத் திருகி, கேஜை அதே 1.4-இல் நிறுத்தி, மறுபடி அளக்க வேண்டும். தொட்டியின் நீர்மட்டமும் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். இப்போது டிரம் 100 விநாடியில் நிறைகிறது, மினுக்கல் அதே 56 என்று வைத்துக்கொண்டால், திறன் 30 சதவீதம். விநாடி எண்ணுவதில் ஒரு விநாடி தவறினால் ஒரு சதவீதம் பிசகும். மினுக்கலில் ஒன்று தவறினால் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிசகும். டிரம் நிறையும் நேரம் 125-இலிருந்து 100-ஆகக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. எண்ணும் பிசகைவிட மாற்றம் பல மடங்கு பெரியது என்பதால், முன்னேற்றம் உண்மை என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் புதியவர்கள் மிகக் குறைவு.

"இதையெல்லாம் செய்துவிட்டுப் போனாலும் இண்டர்வியூவில் மடக்கிவிடுகிறார்களே?"

மடக்கத்தான் செய்வார்கள். எங்கே மடக்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதுவே படிப்பு. மேலே சொன்ன பம்பின் ஷாஃப்டில் 6204 பேரிங் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உள்விட்டம் 20 மில்லிமீட்டர். டிராயிங்கில் அந்த இடத்துக்கு k6 என்று டாலரன்ஸ் போட்டிருக்கிறீர்கள். ஐஎஸ்ஓ அட்டவணைப்படி ஷாஃப்ட் 20.002-க்கும் 20.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கேள்வி வரும்: "எதை வைத்து அளந்தீங்க தம்பி?"

'வெர்னியர்' என்று பதில் சொன்னால் கதை முடிந்தது. சாதாரண வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட் 0.02 மில்லிமீட்டர். உங்கள் டாலரன்ஸின் மொத்த அகலமே 0.013 மில்லிமீட்டர். அந்தக் கருவியின் ஒரு கோட்டுக்குள் முழு டாலரன்ஸும் ஒளிந்துகொள்ளும். மைக்ரோமீட்டர் வேண்டும், அதிலும் 0.001 வரை படிக்கும் வகை இருந்தால்தான் முடிவு சொல்ல முடியும். பி.இ. சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் பம்பைக் கழற்றிப் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த மாதிரி இடத்தில்தான் வெளிப்படும்.

எனவே செய்த வேலையை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்: முன் அளவு, பின் அளவு, டிராயிங், பயன்படுத்திய கருவிகளும் அவற்றின் லீஸ்ட் கவுண்டும், அளக்க முடியாமல் விட்டவை எவை என்பது. ஒவ்வோர் எண்ணுக்கும் 'எப்படி?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத எண்ணை அடித்துவிடுங்கள். ரெஸ்யூமேயில் 'பம்ப் டெக்னாலஜியில் ஆர்வம் உண்டு' என்று எழுதுவதற்குப் பதில், 'தேய்ந்த 1 ஹெச்பி மோனோபிளாக்கை முன்னும் பின்னும் அளந்து, கேசிங் சந்தைச் சரிசெய்து, திறனை 24-இலிருந்து 30 சதவீதத்துக்கு உயர்த்தினேன்' என்று ஒரே வரி போதும். பம்ப் கம்பெனிக்குப் போகிறவர்கள் மோனோசெட் பம்புகளுக்கான ஐஎஸ் 9079 தரநிர்ணயத்தையும் ஒருமுறை புரட்டிவிட்டுப் போகலாம். கோவையிலேயே இருக்கும் சிட்டார்க் போன்ற சோதனைக்கூடங்களில் முறைப்படி எப்படி அளக்கிறார்கள் என்பதற்கும் உங்கள் டிரம் முறைக்கும் உள்ள தூரம் அப்போது புரியும்.

"நான் பி.காம். திருப்பூர். எனக்கு பம்பெல்லாம் தெரியாது."

பம்ப் தேவையில்லை, முறை அதேதான். உங்கள் விளம்பரங்களில் டேலியும் ஜிஎஸ்டியும் திரும்பத் திரும்ப வரும். தெரிந்த ஒரு சிறு கடையின் ஒரு மாத பில்களை, அவர்கள் அனுமதியோடு, டேலியில் ஏற்றுங்கள். கொள்முதல் பில்களைக் கடையின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பொருந்தாத பில்களுக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் வேலையே. விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாமதமாகத் தாக்கல் செய்தாரா, ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறிவிட்டதா, பில் அடுத்த மாதத்தில் ஏறியிருக்கிறதா? பொருந்தாதவற்றின் பட்டியலையும் காரணத்தையும் ஒரு தாளில் கொண்டுபோய் ஆடிட்டர் அலுவலகத்தில் வையுங்கள், கடையின் பெயரை மறைத்துவிட்டு.

"அப்ரெண்டிஸாகச் சேரலாமா? அது வேலையா, பயிற்சியா? அப்புறம் வேலைக்குப் போக முடியாமல் ஆகிவிடுமா?" (டிப்ளமோ முடித்து பி.இ. படித்தவர், பெருந்துறை)

சட்டப்படி அது பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டம் முதலில் தொழில் பிரிவினருக்கு மட்டுமே இருந்தது. 1973-இல் திருத்தி, பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்தார்கள். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவு nats.education.gov.in தளத்தில். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. ஆகவே 'உங்களிடம் அப்ரெண்டிஸ் இடம் இருக்கிறதா' என்று நீங்களாகவே போய்க் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கம்பெனிக்கும் அது தேவை.

உதவித்தொகைக்குக் குறைந்தபட்சம் உண்டு. 2019 விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. தளத்திலும் ஒப்பந்தத்திலும் இப்போதுள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. பயிற்சி முடிந்ததும் வாரியத்தின் சான்றிதழ் கிடைக்கும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அரசு நிறுவனங்களின் அப்ரெண்டிஸ் அறிவிப்புகளில், ஏற்கெனவே அப்ரெண்டிஸ் பயிற்சி முடித்தவர்களும், ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்க முடியாது என்று வழக்கமாகவே போட்டிருப்பார்கள். அதாவது இந்த வாய்ப்பு ஒருமுறைதான். பெயர் தெரியாத ஓரிடத்தில், டைப் அடிக்கவும் டீ வாங்கவும் அனுப்பும் இடத்தில், அதைச் செலவழித்துவிட்டால் திரும்பாது. சேருமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் பிரிவில் எத்தனை மாதம், யார் கற்றுக்கொடுப்பார், ஒப்பந்தம் தளத்தில் பதிவாகுமா? மூன்றாவதற்கு 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் அது அப்ரெண்டிஸ் பயிற்சியே அல்ல; சம்பளம் குறைவான வேலை, அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆகவே பயிற்சியின் எட்டாவது மாதத்திலிருந்தே விண்ணப்ப நோட்டைத் திரும்பத் திறந்துவிட வேண்டும்.

"இடைவெளி தெரியாமல் இருக்க ஓராண்டு அனுபவச் சான்றிதழ் 'வாங்கித் தருகிறோம்' என்கிறார்கள்..."

வேண்டாம். அது நியாயமற்றது என்பது ஒருபுறம். அது மாட்டிக்கொள்ளும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பிஎஃப் கட்ட வேண்டும். பிஎஃப் கட்டினால் உங்கள் யுஏஎன் எண்ணில் நிறுவனத்தின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் பதிவாகும். பெரிய கம்பெனிகள் ஆளைச் சேர்த்துக்கொண்ட பிறகு பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சிகளிடம் கோப்பை ஒப்படைக்கின்றன. அவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். 'ஓராண்டு அனுபவம்' என்று எழுதியிருக்கிறது, யுஏஎன் காலியாக இருக்கிறது என்றால் விளக்கம் கேட்பார்கள். சேர்ந்து மூன்று மாதம் கழித்து அனுப்பப்பட்டால், இடைவெளியோடு இன்னொரு கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். அப்ரெண்டிஸ்களுக்கு பிஎஃப் இருக்காது. அவர்கள் வாரியத்தின் சான்றிதழைக் காட்டினால் போதும்.

இடைவெளியைப் பற்றிக் கேட்டால் தேதியோடு சொல்லிவிடுவதுதான் எளிது. 'மே மாதம் முடித்தேன், கேம்பஸில் கிடைக்கவில்லை, ஜூனிலிருந்து விண்ணப்பித்துக்கொண்டே இந்த வேலையைச் செய்தேன்' என்று சொல்லி இரண்டு பக்கத் தாளை நீட்டினால், பேச்சு இடைவெளியை விட்டு பம்புக்குப் போய்விடும். பம்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

"எங்க மாமா கணபதியில லேத் பட்டறை வச்சிருக்கார். தினமும் போயிட்டு வர்றேன். சம்பளம் இல்லை. அதை ரெஸ்யூமேயில் போடலாமா?"

தாராளமாக. ஆனால் 'அனுபவம்' என்ற தலைப்பில் போடாமல் 'பயிற்சி' என்று போடுங்கள். மாமாவிடம் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த மெஷினில், என்ன வேலை. 'நல்ல பையன், கடின உழைப்பாளி' என்ற வரிகள் வேண்டாம். சொந்தக்காரர் எழுதியது என்று அதிலேயே தெரிந்துவிடும். உறவு என்பதை மறைக்கவும் வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள்.

கடிதத்தைவிடப் பெரிது நீங்களே எழுதும் வேலை நோட்டு. ஒவ்வொரு ஜாப்புக்கும் மெட்டீரியல் என்ன, டிராயிங் கேட்ட அளவு என்ன, வந்த அளவு என்ன, ரிஜெக்ட் ஆனால் எதனால் என்று நான்கு கட்டம். ரிஜெக்ட் ஆன பீஸ்களைப் பற்றிய வரிகள்தான் இண்டர்வியூவில் அதிகம் உதவும். ஏனென்றால் அதைப் புத்தகத்திலிருந்து யாரும் சொல்ல முடியாது. டூல் தேய்ந்து விட்டம் படிப்படியாக ஏறியதா, சூடாக இருக்கும்போதே அளந்துவிட்டு ஆறியதும் சிறுத்துப்போனதா, ஜாப் சரியாகப் பிடிக்காமல் நீள்வட்டமானதா?

ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டறைக்கு வரும் டிராயிங்குகள் வாடிக்கையாளருக்குச் சொந்தமானவை. கீழே வலது மூலையில் அவர்கள் பெயர் அச்சாகியிருக்கும். அதை போட்டோ எடுத்து ரெஸ்யூமேயில் ஒட்டாதீர்கள். வேறொரு கம்பெனியின் டிராயிங்கை வெளியே கொண்டுவருகிறவரை வேலைக்கு எடுக்க எந்த மேனேஜரும் யோசிப்பார், மாமாவுக்கும் ஆர்டர் போய்விடும். அளவுகளை மாற்றி, அதே மாதிரியான பாகத்துக்கு உங்கள் கையால் புதிதாக ஒரு டிராயிங் வரைந்து அதைக் கொண்டுபோங்கள்.